ஓடாத ஆலையின் கரண்ட் பில்

கரண்ட் பில் கைக்கு வந்ததும் எல்லோரும் அடியில் இருக்கும் மொத்தத் தொகையைப் பார்ப்பார்கள். பார்த்துவிட்டுத் திட்டுவார்கள். நான் மேலேயிருந்து ஒவ்வொரு வரியாகப் படிக்கிறவள். இருபத்தாறு வருஷம் பீன்யா தொழிற்பேட்டையில் ஒரே ஆலையில் கணக்கு எழுதியதில் வந்த புத்தி அது. இருசக்கர வண்டிகளுக்குத் தகட்டில் உதிரிபாகம் அடிக்கிற ஆலை. பதினோரு பிரஸ், ஆறு லேத், மூலையில் ஒரு பெரிய கம்ப்ரஸர். சம்பளம், வரி, வங்கி எல்லாம் என் மேஜைக்கு வந்துதான் போகும். கரண்ட் பில்லும் அப்படித்தான்.

எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்று கேட்டுக்கொண்டிருந்தவர்களும் ஒரு வயதுக்கு மேல் ஓய்ந்துவிட்டார்கள். மல்லேஸ்வரத்தில் ஒரு வீட்டின் பின்கட்டில் தனிப் போர்ஷன். ஒரு லைட், ஒரு ஃபேன், ஒரு மிக்ஸி, காலையில் கொஞ்ச நேரம் கீஸர். மாதம் நாற்பது யூனிட்கூடத் தாண்டாது. இருநூறு யூனிட்டுக்குள் ஓட்டுகிற வீடுகளுக்கு அரசாங்கமே கட்டிவிடுவதால் என் வீட்டு பில்லின் கடைசி வரி பூஜ்யம். ரீடிங் எடுக்கிறவர் மெஷினிலிருந்து காகிதத்தைக் கிழித்துக் கொடுக்கும்போது, மாதத்தில் ஒரு நாள், வாசலில் நின்று யாரோ ஒருவரிடம் இரண்டு வார்த்தை பேசுவேன். அவர் போனதும் கதவைச் சாத்திக்கொள்வேன்.

அந்த வீட்டுக்கு நான் தூங்கத்தான் போனேன் என்று சொல்லவேண்டும். காலையில் மெட்ரோ ஏறினால் என் நாள் பீன்யாவில்தான் தொடங்கும். நாற்பத்திரண்டு பேர் வேலை செய்தார்கள். பாதிப் பேர் நம் பக்கத்துக்காரர்கள், வேலூர், திருப்பத்தூர், கிருஷ்ணகிரி. பிரஸ் ஓடும் சத்தத்தில் கத்திப் பேசிப் பேசி எனக்குக் குரலே தடித்துப்போயிற்று. வீட்டில் போனில் பேசினால்கூட எதிர்முனையில் இருப்பவர், ஏன் சண்டைக்கு வருகிறாய் என்று கேட்பார்.

பெரிய ஆர்டர் கொடுத்துக்கொண்டிருந்த கம்பெனி, நீங்கள் அடித்துக் கொடுக்கும் பாகத்தை இனி வேறு மாதிரி செய்யப்போகிறோம் என்று ஒரு மெயில் அனுப்பியது. மூன்றே மாதத்தில் ஆலை அடங்கிவிட்டது. எல்லோருக்கும் கணக்கு முடித்து அனுப்பியவள் நான்தான். கடைசி ஆள் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனபிறகு நானும் வாட்ச்மேனும் மட்டும் மிஞ்சினோம். வரி ரிட்டர்ன் போட, தபால் வாங்க, பில் கட்ட ஒரு ஆள் வேண்டும் என்று முதலாளி என்னை வைத்துக்கொண்டார்.

முதலாளி என்னைவிடப் பத்து வயது இளையவர். மூன்று தலைமுறையாக இந்த ஊரில் இருக்கிற தமிழ்க் குடும்பம். அவர் அப்பா ஒரே ஒரு பிரஸ்ஸோடு ஆரம்பித்த ஆலை இது. பள்ளிக்கூட யூனிஃபார்மில் ஆலைக்கு வந்து என் மேஜையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதியவர், அதனால் முதலாளி ஆன பிறகும் என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார். நான் சார் என்பேன். ஆலை மூடிய பிறகு அவர் அந்தப் பக்கமே வரவில்லை. எல்லாம் போனில்தான்.

மூடிய முதல் மாதத்து பில்லை போட்டோ எடுத்து அனுப்பினேன். அரை நிமிஷத்தில் போன் வந்தது.

"அக்கா, ஒரு மெஷின்கூட ஓடல. எதுக்கு இவ்ளோ?"

ஆபீஸ் லைட்டும் வாட்ச்மேன் ரூம் ஃபேனும்தான் ஓடின. யூனிட்டுக்கான தொகை டீச் செலவு அளவுக்குத்தான் இருந்தது. ஆனால் அதற்கு மேல் வரியில் இருந்த தொகை பெரியது. நிலைக்கட்டணம். பெரிய லைன் வாங்கிய ஆலைகளுக்கு அதை டிமாண்ட் சார்ஜ் என்பார்கள். மின்சாரம் செலவழித்தோமா இல்லையா என்று அது கேட்காது. ஒரே சமயத்தில் இவ்வளவு வரைக்கும் இழுப்பேன் என்று நாம் ஒப்பந்தம் போட்டிருக்கிறோம் இல்லையா, அந்த அளவுக்கு அவர்கள் கம்பியும் கம்பமும் போட்டு, அவ்வளவு மின்சாரத்தையும் நமக்கென்று தயாராக வைத்திருக்கிறார்கள். அதற்கான காசு அது. நாங்கள் ஒப்பந்தம் போட்டிருந்தது இருநூறு கேவிஏ, அந்த இழுப்பை அளக்கிற அலகு அது. ஒன்றுமே ஓட்டாவிட்டாலும் அதில் நூற்றுக்கு எண்பத்தைந்து, அதாவது நூற்று எழுபதுக்குக் கட்டியே ஆகவேண்டும்.

அவருக்கு அது காதில் பூ சுற்றுகிற கதையாகப் பட்டது. கல்யாண மண்டபத்தை புக் பண்ணிவிட்டுக் கல்யாணத்தை நிறுத்தினால் மண்டபக்காரன் வாடகையை விட்டுவிடுவானா என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, சரி, அடுத்த வரி என்ன என்றார்.

அப்படித்தான் அந்தப் பாடம் ஆரம்பித்தது. மாதா மாதம் பில் வரும், போன் வரும், ஒரு வரியில் அவர் சிக்கிக்கொள்வார். எரிபொருள் செலவுச் சரிக்கட்டல் என்று ஒரு வரி. மின்சாரக் கம்பெனி நிலக்கரிக்கும், வெளியே வாங்கும் மின்சாரத்துக்கும் இவ்வளவு ஆகும் என்று ஒரு கணக்குப் போட்டு விலை வைத்திருக்கும். அதைவிடச் செலவு கூடிவிட்டால், சில மாதம் கழித்து யூனிட்டுக்கு இத்தனை பைசா என்று நம் தலையில் ஏறும். குறைந்தால் கழியும். எப்போதோ விலை ஏறினதுக்கு இப்போ என்னைக் கேட்கிறானா என்று குதித்தார். ஆமாம் சார், பழைய பாக்கி ஆள் தேடி வருது என்றேன். அவர் சிரித்துவிட்டார். மூடிய பிறகு அவர் சிரித்தது அன்றுதான்.

அதற்குக் கீழே ஊழியர் ஓய்வூதியத்துக்கான பங்கு என்று யூனிட்டுக்குச் சில பைசா. மின்சாரக்காரர்களின் பென்ஷனுக்கு நாம் கட்டுகிறோம். எனக்குப் பென்ஷன் கிடையாது. ஆனாலும் அந்த வரியைப் பார்த்து நான் வயிறெரிந்ததில்லை, யாராவது ஒருத்தராவது வயசான காலத்தில் நிம்மதியாக இருக்கட்டும். அதற்கும் கீழே மின்சார வரி. அது அரசாங்கத்துக்குப் போவது, மின்சாரக் கம்பெனி வெறுமனே வாங்கிக் கொடுக்கிற கை. இவை எல்லாமே யூனிட் ஓடினால் கூடும், ஓடாவிட்டால் சுருங்கிவிடும். சுருங்காமல் நிற்பது அந்த நிலைக்கட்டணம் ஒன்றுதான்.

பில்லைப் பற்றிப் பேசுகிற அந்தப் பத்து நிமிஷத்துக்காக நான் மாதம் முழுக்கக் காத்திருந்தேன் என்பதை இப்போது சொல்ல வெட்கமாக இல்லை. மீதி நாட்களில் என்னோடு பேச யார் இருந்தார்கள்? வாட்ச்மேன் வடக்கு கர்நாடகத்துக்காரர், வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று நினைப்பவர். மதியம் டப்பாவைத் திறந்து தனியாகச் சாப்பிடுவேன். முன்பு அந்த மேஜையைச் சுற்றி ஆறு டப்பா திறக்கும், யார் வீட்டு ஊறுகாய் யார் தட்டில் இருக்கிறது என்றே தெரியாது.

இரண்டாம் மாதமே அவர் சொல்லிவிட்டார், ஒப்பந்த அளவை அறுபதாகக் குறைக்கச் சொல்லி எழுதிக் கொடுங்கள் என்று. செய்கிறேன் என்று சொல்லிவிட்டு நான் செய்யவில்லை. இருநூறை அறுபதாக இறக்கினால் எல்லா மெஷினும் சேர்ந்து வேலை செய்யமுடியாது. மறுபடி ஏற்றவேண்டுமென்றால் புது விண்ணப்பம், கூடுதல் வைப்புத்தொகை, அந்தப் பக்கத்து லைனில் இடம் இருக்கவேண்டும். அதைக் குறைப்பது, ஆலை இனி திறக்காது என்று நானே என் கையால் எழுதிக் கொடுப்பது மாதிரி இருந்தது. இரண்டு மாதம் சாக்குச் சொன்னேன். அதிகாரி லீவு, சர்வர் டவுன் என்று. அந்த இரண்டு மாத நிலைக்கட்டணம் தண்டச் செலவு. அதற்குக் காரணம் நான்தான், வேறு யாருமில்லை.

மூன்றாவது பில்லுக்கு அவர் குரல் மாறிவிட்டது. கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குச் சமாளிக்கத் தெரியும்.

"அக்கா, குடோனுக்கு நம்ம இடத்தைக் கேட்டு ஒருத்தன் வந்துட்டே இருக்கான். சங்கராந்தி வரைக்கும் பார்க்கிறேன். புது ஆர்டர் ஒன்னு பேச்சுல இருக்கு, வந்தா திறப்போம். ஆனா அதுவரைக்கும் பில்லு அறுபதுக்கு என்னவோ அதுதான். ஒரு மாசம் அதுக்கு மேல போச்சுன்னாலும் லைனை சரண்டர் பண்ணிட்டு இடத்தை அவனுக்குக் கொடுத்துருவேன். என்னால இதுக்கு மேல முடியலக்கா."

லைன் போனால் ஆலை போயிற்று. ஆலை போனால் நான் காலையில் மெட்ரோ ஏறவேண்டிய அவசியம் இல்லை. அடுத்த நாளே மின்சார ஆபீஸுக்குப் போய் எழுதிக் கொடுத்தேன். கவுன்டரில் இருந்த பெண் கன்னடத்தில், யாக்கே மேடம், ஏன், ஃபேக்டரி க்ளோஸா என்று கேட்டாள். ஸ்வல்ப தினக்கே, கொஞ்ச நாளைக்குத்தான், என்று சொன்னேன். ஒப்பந்தம் திருத்தப்பட்டு, அடுத்த மாத ரீடிங்கிலிருந்து அறுபது அமலுக்கு வந்தது. அறுபதில் நூற்றுக்கு எண்பத்தைந்து, ஐம்பத்தொன்று. பில்லில் நிலைக்கட்டணம் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கியது. முதலாளி போனில் தேங்க்ஸ் அக்கா என்று மட்டும் சொன்னார். பாடம் கேட்க அவருக்கு இனி ஒரு வரியும் மிச்சமில்லை. அந்த மாதத்திலிருந்து போனும் நின்றுபோயிற்று.

அப்புறம் ஆயுத பூஜை வந்தது.

எங்கள் ஆலையில் அதற்கு ஒரு வழக்கம் உண்டு. முதலாளியின் அப்பா, பெரிய முதலாளி, அவர் காலத்திலிருந்தே. மெஷின்களைத் துடைத்து, எண்ணெய் போட்டு, சந்தனம் குங்குமம் வைத்து, பூசணிக்காய் உடைத்த பிறகு, ஒரு மெஷின் விடாமல் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் ஓடவிடவேண்டும். வேலை எதுவும் செய்யாது, காலியாகத்தான் ஓடும். முதல் சுவிட்ச் ஒன்றாம் நம்பர் பிரஸ், அவர் வாங்கிய முதல் மெஷின். எல்லாம் சேர்ந்து ஓடுகிற அந்த இரைச்சலைக் கேட்டால்தான் அந்த வருஷம் நல்லபடியாகப் போகும் என்று பெரியவர் நம்பினார். இருபத்தாறு வருஷமும் அந்த இரைச்சலில் நான் நின்றிருக்கிறேன்.

இந்த வருஷம் மட்டும் எப்படி விடுவது? முதலாளிக்குச் சொல்ல நினைத்துப் போனை எடுத்தேன். வேண்டாம் என்று சொல்லிவிட்டால்? போனைக் கீழே வைத்துவிட்டேன். பதிலாக எங்கள் பழைய எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டேன். திருப்பத்தூர்க்காரர், இப்போது பொம்மசந்திராவில் ஒரு ஆலையில் இருக்கிறார். அவர்கள் ஆலையில் முந்தின நாளே பூஜை முடிந்துவிட்டதாம். இரண்டு பஸ் மாறி வந்துவிட்டார். வேறு நாலைந்து பேருக்கும் சொல்லியிருந்தேன். பார்க்கிறேன் என்றவர்கள் யாரும் வரவில்லை. வாட்ச்மேன் தசராவுக்கு ஊருக்குப் போயிருந்தார். அந்தப் பெரிய ஷெட்டில் நாங்கள் இரண்டு பேரும், ஒரு பூசணிக்காயும்.

ஒவ்வொன்றாக ஓட்டி நிறுத்தலாம் மேடம், அறுபதுதானே நமக்கு என்றார் அவர். அவர் சொன்னது சரி. ஆனால் எனக்கும் கணக்குத் தெரியும். யூனிட்டைப் பற்றிக் கவலையே இல்லை, சில நிமிஷத்துக்கு என்ன ஓடிவிடப்போகிறது. பயம் டிமாண்டைப் பற்றி. மீட்டர் ஒரு நாளைக் கால்மணி கால்மணியாக நறுக்கி வைத்திருக்கும். ஒவ்வொரு கால்மணியிலும் சராசரியாக எவ்வளவு இழுத்தோம் என்று குறித்துக்கொள்ளும். அந்த மாதத்திலேயே எந்தக் கால்மணி அதிகமோ, அதுதான் அந்த மாதம் முழுவதற்குமான டிமாண்ட். முதலாளிக்கும் இதை ஒரு தடவை போனில் சொல்லிக் கொடுத்திருந்தேன். மற்ற நாளெல்லாம் நாம் சும்மா இருந்தாலும் அது கேட்காது. ஒப்பந்தத்துக்கு உள்ளே இருந்தால் பிரச்சினை இல்லை. மிஞ்சினால், மிஞ்சின அளவுக்கு இரண்டு மடங்கு.

எல்லா மெஷினும் காலியாக ஓடினாலும் மோட்டார்கள் சும்மா இழுக்கும், நூற்றுப் பத்துக்குப் பக்கத்தில் வரும் என்று அவர் சொன்னார். நான் காகிதத்தில் எழுதிக் காட்டினேன். சரியாகப் பதினோரு மணிக்குப் போடுவோம். பதினொன்று ஐந்துக்கு எல்லாவற்றையும் நிறுத்திவிடுவோம். கால்மணியில் ஐந்து நிமிஷம்தான் ஓடியது, அதனால் சராசரி மூன்றில் ஒரு பங்கு, நாற்பதைத் தாண்டாது. அறுபதுக்குள் பத்திரம். அவர் காகிதத்தைப் பார்த்துவிட்டு, நீங்க எலக்ட்ரிகல் படிச்சிருக்கலாம் மேடம் என்றார். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

கற்பூரம் காட்டினேன். அவர் பூசணிக்காயை உடைத்தார். மீட்டர் கடிகாரம் பதினொன்று காட்டியதும் ஒன்றாம் நம்பர் பிரஸ்ஸின் சுவிட்சை நான் அழுத்தினேன். அவர் ஓடி ஓடி மற்றவற்றைப் போட்டார். கம்ப்ரஸர் ஒரு முறை இருமிவிட்டு எழுந்தது. லேத்துகள் சுழன்றன. தரை அதிர்ந்து என் உள்ளங்காலில் ஏறியது. எத்தனை மாதம் ஆயிற்று அந்த அதிர்வு காலில் ஏறி. நான் மேஜைக்குப் போய் என் நாற்காலியில் உட்கார்ந்தேன். கண்ணை மூடினால் எல்லோரும் இருந்தார்கள். இந்த இரைச்சலுக்கு மேல் கத்தி ஒருத்தர் டீ கேட்கிறார், ஒருத்தர் அட்வான்ஸ் கேட்கிறார். நான் பதிலுக்குக் கத்துகிறேன். அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அழுதால்தான் என்ன, யாருக்குக் கேட்கப்போகிறது.

எலக்ட்ரீஷியன் மெயின் பேனலில் கையை வைத்துக்கொண்டு நின்றார். பதினொன்று ஐந்துக்கு என்னைப் பார்த்து விரல்களை விரித்துக் காட்டினார். இருங்க என்று கை காட்டினேன். ஏழுக்கு மறுபடி பார்த்தார். மறுபடி கை காட்டினேன். பத்துக்கு அவர் என் பக்கத்தில் வந்து காதருகே குனிந்து கத்தினார்.

"மேடம், இதுக்கு மேல விட்டா ஏறிடும்!"

தெரியும். அந்த ஊரில் என்னைவிட நன்றாக அது யாருக்குத் தெரியும்? கணக்குப் போட்டவளே நான்தானே. ஆனால் அவர் போய் மெயினை இறக்கினால் அந்த ஷெட் மறுபடியும் எப்படி அடங்கிப்போகும் என்றும் எனக்குத் தெரியும். என்னால் தலையை ஆட்ட முடியவில்லை. ஒரு நிமிஷம், இன்னும் ஒரே ஒரு நிமிஷம் என்று விட்டுக்கொண்டே இருந்தேன். பதினொன்று பதினேழுக்குத்தான் போதும் என்று கை காட்டினேன்.

ஒவ்வொன்றாக நின்றது. கடைசியில் கம்ப்ரஸரும் பெருமூச்சு விட்டு அடங்கியது. எலக்ட்ரீஷியன் மீட்டர் பெட்டியில் பொத்தானை அழுத்திப் பார்த்துவிட்டு, நூற்றுப் பதினொன்று என்றார். சுண்டலும் பொரியும் பொட்டலம் கட்டிக் கொடுத்தேன். இரண்டு பஸ் மாறவேண்டும், வர்றேன் மேடம் என்று கிளம்பிவிட்டார்.

மாதம் முடிய இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது. அந்தப் பன்னிரண்டு நாளும் நான் போய் நாற்காலியில் உட்கார்ந்தேன், மாலையில் எழுந்து வந்தேன். யாரிடமும் சொல்லவில்லை. பூசணிக்காய்த் துண்டுகள் காய்ந்து சுருங்கின. ஒன்றாம் தேதி ரீடிங் ஆயிற்று. மூன்றாம் தேதி பில் வந்தது.

அறுபதுக்கு வழக்கமான விலை. மிஞ்சின ஐம்பத்தொன்றுக்கு இரண்டு மடங்கு. அதாவது நூற்று அறுபத்திரண்டு கேவிஏக்குக் கட்டியதற்குச் சமம். இருநூறாக இருந்த காலத்தில் நூற்று எழுபதுக்குக் கட்டிக்கொண்டிருந்தோம். பதினேழு நிமிஷத்தில் நான் எல்லாவற்றையும் பழைய இடத்துக்கே கொண்டுபோய் நிறுத்திவிட்டேன். யூனிட், எரிபொருள், வரி எல்லாம் முந்தின மாதத்தைவிடச் சில ரூபாய்தான் கூடியிருந்தன. பாவம், அவை ஒன்றும் செய்யவில்லை.

போட்டோ எடுத்து அனுப்பினேன். போன் வரும் என்று கையிலேயே வைத்துக்கொண்டிருந்தேன். வரவில்லை. மதியம் கேட் திறக்கும் சத்தம் கேட்டது. முதலாளியே வந்தார். ஆலை மூடிய பிறகு முதல் தடவை. இளைத்திருந்தார். பில்லை பிரிண்ட் எடுத்து வந்திருந்தார். என் மேஜைக்கு எதிரே, சின்னப் பையனாக வீட்டுப்பாடம் எழுதுவாரே, அந்தப் பக்கம் உட்கார்ந்து காகிதத்தை என் முன்னால் திருப்பி வைத்தார்.

மீட்டர் தப்பாகக் காட்டுகிறதா என்று கேட்டார். புகார் கொடுக்கலாமா என்றார். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், மீட்டர் சோதனை, கடிதம், விசாரணை என்று இரண்டு மாதம் ஓட்டியிருக்கலாம். முன்பு சாக்குச் சொன்ன வாய்தானே. ஆனால் இத்தனை மாதமாக ஒவ்வொரு வரிக்கும் உண்மையான அர்த்தம் சொன்னவள், இந்த ஒரு வரிக்குப் பொய் சொல்ல நாக்கு எழவில்லை. மீட்டர் சரியாகத்தான் இருக்கிறது சார், ஆயுத பூஜை அன்றைக்கு நான்தான் எல்லாவற்றையும் ஓட்டினேன், ஐந்து நிமிஷத்தில் நிறுத்த நினைத்தேன், நிறுத்த மனசு வரவில்லை, பதினேழு நிமிஷம் ஓடிவிட்டது என்று சொன்னேன். சம்பளத்தில் பிடித்துக்கொள்ளுங்கள் என்றும் சொன்னேன்.

அவர் எழுந்து ஷெட்டுக்குள் போனார். நானும் பின்னால் போனேன். மெஷின்களில் சந்தனப் பொட்டு அப்படியே காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது. ஒன்றாம் நம்பர் பிரஸ்ஸுக்கு முன்னால் நின்றார். கையால் தொட்டுப் பார்த்தார்.

"அப்பாவோட பிரஸ்ஸும் ஓடிச்சாக்கா?"

"அதுதான் சார் முதல்ல ஓடிச்சு."

தலையை ஆட்டினார். நான் திட்டுக்காகக் காத்திருந்தேன். திட்டிவிட்டால் தேவலை என்று இருந்தது. அவர் கையிலிருந்த பில்லைப் பார்த்தார். மொத்தத் தொகையைப் பார்க்கவில்லை. டிமாண்ட் வரியில் விரலை வைத்திருந்தார், நான் சொல்லிக் கொடுத்த மாதிரியே.

"ஒரு தடவை நூத்துப் பதினொன்னு ஏறிடுச்சுன்னா, மாசம் முடியற வரைக்கும் அதுக்கு மேல போகாம எத்தனை தடவை ஓட்டினாலும் இந்த வரி ஏறாது. நீங்கதானேக்கா சொன்னீங்க?"

ஆமாம் என்றேன்.

"அப்போ மாசம் முடிய பன்னண்டு நாள் இருந்திருக்கு. காசு எப்படியும் கட்டத்தான் போறோம். ஒரு நாள் எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாமேக்கா. நானும் வந்து கேட்டிருப்பேனே."

எனக்குச் சுருக்கென்றது. இருபத்தாறு வருஷம் பில் படித்தவளுக்கு அது தோன்றவே இல்லை. இரைச்சலுக்கான காசு முழுவதையும் கொடுத்துவிட்டு, பன்னிரண்டு நாளும் அந்த அமைதியில் பயந்து உட்கார்ந்திருந்தேன். நான் இங்கே தனியாக, அவர் அங்கே தனியாக. ஒன்றாம் தேதி ரீடிங் எடுத்ததும் மீட்டர் அந்த எண்ணை அழித்துவிட்டு மறுபடி பூஜ்யத்திலிருந்து ஆரம்பித்துவிட்டது. இனி சுவிட்சைப் போட்டால் புது மாதத்துக்குப் புதுக் காசு.

லைனைச் சரண்டர் பண்ணுகிற கடிதத்தை அன்றைக்கே டைப் அடித்தேன். ஒரு மாதம் மிஞ்சினாலும் என்று அவர் சொன்ன சொல் அது, நானும் தடுக்கவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு, பொரி ஏதாவது மிச்சமிருக்கா அக்கா என்று கேட்டார். நமுத்துப்போயிருக்கும் சார் என்றேன். பரவாயில்லை என்றார். டப்பாவைத் திறந்து மேஜைமேல் வைத்தேன். இரண்டு பேரும் அந்த ஒரே டப்பாவிலிருந்து அதைத் தின்று முடித்தோம்.